எண்கள் இல்லாமல் வந்த நேரசூசிக் கோரிக்கை: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழிமுறை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையிலிருந்து சனவரி மாதத் தொடக்கத்தில் எனக்கு ஒரு கோரிக்கை வந்தது. தரம் 6 முதல் 11 வரை தரத்துக்கு ஒரு வகுப்பாக ஆறு வகுப்புகள் உண்டு என்றும், ஆசிரியர் பெயர்ப் பட்டியலும் அவர்கள் கற்பிக்கும் பாடங்களும் இணைக்கப்பட்டுள்ளன என்றும், வரும் திங்களுக்குள் நேரசூசி தேவை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒரு நாளுக்கு எத்தனை பாடவேளைகள், ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு எத்தனை பாடவேளைகள், எந்த ஆசிரியர் எந்த நேரத்தில் பாடசாலையில் இருப்பார் என்ற மூன்றும் அதில் இல்லை. இப்படிப்பட்ட கோரிக்கைகள்தாம் பெரும்பாலும் வருகின்றன. எழுதுபவருக்கு அந்த மூன்றும் அன்றாடம் பழகிய செய்திகள் என்பதால், அவை எழுதப்பட வேண்டியவை என்ற எண்ணமே அவருக்கு எழுவதில்லை.

அந்தக் குறையை உடனே கேட்டு நிரப்பாமல், வழக்கமான எண்களை நானாக எடுத்துக்கொண்டு அப்போது வேலையைத் தொடங்கினேன். அதனால் பெற்றோருக்கும் மாணவருக்கும் கொடுத்த நேரசூசியை இரண்டாவது வாரத்திலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்ட நேரசூசியை அழித்து மறுபடி எழுதுவதைப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. நேரசூசி பிழைக்கும்போது வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாகவும், அதற்குக் காரணமான விடுபட்ட தகவல் வேறொன்றாகவும் இருப்பதால், எந்த அறிகுறி எந்தக் குறையைக் காட்டுகிறது என்பதை அந்தப் பாடசாலையின் எண்களைக் கொண்டே கீழே விளக்குகிறேன்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

எந்த அறிகுறி தோன்றினாலும், கட்டங்களை இடம் மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒரேயொரு சோதனையைச் செய்யுங்கள். சிக்கல் உள்ள பாடவேளையை வேறொரு கட்டத்துக்கு நகர்த்திப் பாருங்கள். நகர்த்தியவுடன் அதே சிக்கல் அதே வகுப்பின் வேறொரு கட்டத்தில் முளைத்தால், குறை எண்ணிக்கையில் இருக்கிறது. அதாவது நாளொன்றுக்கான பாடவேளைகளோ, வாரத்துக்கான பாடவேளைகளோ தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. எங்கே நகர்த்தினாலும் ஒரே ஆசிரியரின் பெயரே சிக்கலாக வந்துகொண்டிருந்தால், குறை அந்த ஆசிரியர் இருக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆசிரியர் பெயர் வந்தாலும், அவர்கள் அனைவரும் ஒரு தொகுதிப் பாடத்தை, அதாவது ஒரே வகுப்பின் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு தெரிவுகளுக்குப் பிரிந்து செல்லும் பாடத்தை, பகிர்ந்துகொள்பவர்களாக இருந்தால், குறை அவர்கள் எல்லோரும் சேர்ந்து இருக்கும் நேரத்தில் இருக்கிறது. இந்த மூன்றாவது வகையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பதால், அதைப் பற்றி இறுதியில் விரிவாக எழுதியுள்ளேன்.

அறிகுறி: வகுப்பின் கட்டங்கள் போதவில்லை, அல்லது மிஞ்சி நிற்கின்றன

இது நாளொன்றுக்கான பாடவேளை எண்ணிக்கை சொல்லப்படாததால் வரும் அறிகுறி. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிந்தால், இடையில் இருப்பது 360 நிமிடங்கள். 40 நிமிடங்கள் கொண்ட 8 பாடவேளைகளுக்கு 320 நிமிடங்கள் போக, எஞ்சும் 40 நிமிடங்களில் காலைக் கூட்டத்துக்கு 20 நிமிடங்களும் இடைவேளைக்கு 20 நிமிடங்களும் அமையும். நான் குறிப்பிடும் பாடசாலையில் முதலாம் பாடவேளை 7.50க்குத் தொடங்கியது, நான்காம் பாடவேளை 10.30க்கு முடிந்து, 10.50க்கு ஐந்தாவது தொடங்கியது. இந்தக் கணக்கின்படி ஐந்து நாட்களுக்கு ஒரு வகுப்புக்கு 40 கட்டங்கள் கிடைக்கும்.

எல்லாப் பாடசாலைக்கும் இதுவே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிழை பிறக்கிறது. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமுள்ள முஸ்லிம் பாடசாலைகளில் ஜும்ஆத் தொழுகையை முன்னிட்டு வெள்ளிக்கிழமை முன்னதாகவே முடிவடையும். வெள்ளியன்று 5 பாடவேளைகள் மட்டுமே நடக்கும் ஒரு பாடசாலைக்கு, மற்ற நாட்களில் 8 வீதம் எடுத்தால், வாரத்துக்கு 37 கட்டங்கள்தாம் உண்டு. அங்கே 40 கட்டங்களுக்குத் திட்டமிட்டால், ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பாடவேளைகள் தாளில் இருக்கும், நடக்கமாட்டா. ஆகவே "நாளொன்றுக்கு எத்தனை பாடவேளை" என்று கேட்பதைவிட, "திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் எத்தனை பாடவேளை, இடைவேளை எத்தனையாவது பாடவேளைக்குப் பின்" என்று ஐந்து நாட்களையும் தனித்தனியாகக் கேட்பதே சரி.

இடைவேளையின் இடத்தைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. விஞ்ஞானச் செய்முறைக்கு இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வைக்கும்போது, நான்காவதும் ஐந்தாவதும் அட்டவணையில் ஒட்டியே தெரியும். ஆனால் நடுவில் 20 நிமிட இடைவேளை நிற்கிறது. அடுப்பில் வைத்த முகவையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகள் வெளியே போக வேண்டியிருக்கும். ஒரு கட்டம் தள்ளி மூன்றாவதும் நான்காவதுமாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

அறிகுறி: கட்டங்கள் யாவும் நிரம்பியுள்ளன, மோதலும் இல்லை, ஆனால் பாடங்கள் சமனாக இல்லை

தரம் 8இல் கணிதம் நான்கு முறையும் தரம் 9இல் ஏழு முறையும் வந்திருக்கும். வரலாறு ஒரே நாளில் இருமுறை வந்து, பின் நான்கு நாட்களுக்கு வராமலிருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இந்த நேரசூசி முழுமையானதாகவே தெரியும் என்பதால், பல பாடசாலைகளில் இது ஒரு தவணை முழுவதும் கண்டுபிடிக்கப்படாமலே ஓடுகிறது. முதலாவதற்குக் காரணம் வாரத்துக்கான பாடவேளை எண்ணிக்கை தரப்படாததே. இரண்டாவதற்குக் காரணம், வரலாறு போன்ற ஒரு பாடம் ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்ற நிபந்தனை சொல்லப்படாமல் விடப்பட்டது.

இந்த எண்ணிக்கையை நேரசூசி தயாரிப்பவர் ஊகிக்கவே கூடாது. அது கல்வி அமைச்சின் சுற்றறிக்கையின்படியும் பாடசாலையின் தீர்மானத்தின்படியும் அதிபர் தர வேண்டிய எண். அந்தப் பாடசாலை பின்னர் எனக்குத் தந்த தரம் 10க்கான எண்கள் இவை: சமயம் 2, தமிழ் 5, ஆங்கிலம் 5, கணிதம் 6, விஞ்ஞானம் 6, வரலாறு 3. இந்த ஆறு கட்டாயப் பாடங்களுக்கும் மொத்தம் 27. மூன்று தொகுதிப் பாடங்களுக்கும் 3 வீதம் 9. நூலகம், உடற்பயிற்சி, வழிகாட்டல் முதலியவற்றுக்கு 4. எல்லாம் சேர்ந்து சரியாக 40.

முதல் முறை ஆசிரியர்களிடமே தனித்தனியாகக் கேட்டு எண்களைச் சேகரித்தபோது மொத்தம் 43 வந்தது. கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் தத்தம் பாடத்துக்கு ஏழு என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு ஆறு எழுதப்பட்டிருந்தது. சாதாரண தரப் பரீட்சையை எதிர்நோக்கும் வகுப்புக்கு அவர்கள் அப்படிக் கேட்டதில் தவறில்லை. ஆயினும் எந்தப் பாடத்தில் குறைப்பது என்பது அதிபரின் தீர்மானம். அதை நான் எடுத்திருந்தால், பாடம் குறைந்த ஆசிரியர் என்னிடம்தான் வந்திருப்பார், பதில் சொல்லும் அதிகாரமும் எனக்கு இருந்திராது.

கூட்டும்போது வரும் இன்னொரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். நேரசூசித் தரவை விரிதாளில் போடுகையில், நிரலை A வகுப்பு, B பாடம், C ஆசிரியர், D ஆசிரியரின் வாரப் பாடவேளை என்று அமைப்பது வழக்கம். தொகுதிப் பாடத்தில் ஒரே வகுப்பின் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாடங்களாகப் பிரிந்து செல்கிறார்கள். சங்கீதம் 3, சித்திரம் 3, நடனம் 3 என்று மூன்று வரிகள் இருந்தாலும், வகுப்புக்கு அவை 3 கட்டங்கள் மட்டுமே. D நிரலை அப்படியே கூட்டினால் 9 என்று வந்துவிடும். அந்தப் பாடசாலையின் தரம் 10இல் முதலாம் தொகுதியில் இரண்டு, இரண்டாம் தொகுதியான அழகியலில் மூன்று, மூன்றாம் தொகுதியில் இரண்டு என ஏழு தெரிவுகள் இருந்தன; கூட்டுத்தொகை 40க்குப் பதிலாக 52 என்று காட்டியது. இதைத் தவிர்க்க E என்ற நிரலைச் சேர்த்து, தொகுதியில் இல்லாத பாடங்களுக்கு D நிரலின் எண்ணையே அதில் எழுதுங்கள்; தொகுதிப் பாடங்களுக்கு வகுப்புக்குரிய எண்ணைத் தொகுதியின் முதல் வரியில் மட்டும் எழுதி, அந்தத் தொகுதியின் மற்ற வரிகளை வெறுமையாக விடுங்கள். பின்னர் வகுப்பின் மொத்தத்தை முதல் சூத்திரத்தாலும், H2 கட்டத்தில் பெயர் எழுதப்பட்ட ஆசிரியரின் மொத்தத்தை இரண்டாவதாலும் பெறலாம்.

```
=SUMIF(A:A,10,E:E)
=SUMIF(C:C,H2,D:D)
```

முதல் சூத்திரத்தில் 10க்குப் பதிலாக ஒவ்வொரு தரத்தின் எண்ணையும் இட்டுப் பார்த்து, அது ஆறு வகுப்புகளுக்கும் 40 என்று காட்டும் வரை ஒரு பாடவேளையையும் கட்டத்தில் வைக்காதீர்கள்.

அறிகுறி: தாளில் எல்லாம் சரி, முதல் திங்களன்றே வகுப்பில் ஆசிரியர் இல்லை

ஆசிரியர் இருக்கும் நேரம் கேட்கப்படவில்லை என்பதே இதன் பொருள். கோரிக்கை எழுதும் பிரதி அதிபரிடம் தொலைபேசியில் கேட்டால், "எல்லாரும் முழு நாளும் இருப்பாங்க சேர்" என்ற பதிலே முதலில் கிடைக்கும். அவர் பொய் சொல்லவில்லை. வரவுப் பதிவேட்டின்படி அது சரிதான். நமக்கு வேண்டியது அதைவிட நுணுக்கமான தகவல். ஆகவே கேள்வியைப் பொதுவாகக் கேட்காமல், காரணங்களைச் சொல்லிக் கேளுங்கள். வேறு பாடசாலைக்கும் இணைக்கப்பட்ட ஆசிரியர் யார், எந்தெந்த நாட்களில்? ஆரம்பப் பிரிவிலும் பாடம் எடுப்பவர் யார்? முதலாம் பாடவேளைக்குள் வந்து சேர முடியாதவர் யார்? இறுதிப் பாடவேளைக்கு முன் அதிபரின் அனுமதியுடன் செல்பவர் யார்? இப்படிக் கேட்டபோது அதே பிரதி அதிபர் ஐந்து நிமிடத்தில் மூன்று பெயர்களைச் சொன்னார்.

சங்கீத ஆசிரியை இரண்டு பாடசாலைகளுக்கு உரியவர். இங்கே திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாட்களில் மட்டும் இருப்பார். சித்திர ஆசிரியர் எழுவான்கரையிலிருந்து குருமண்வெளி ஓடத்துறை வழியாக வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறங்கி வருபவர். முதலாம் பாடவேளை தொடங்கியபின்பே அவரால் வந்து சேர முடியும் என்பது அதிபருக்குத் தெரிந்த விடயம். நடன ஆசிரியை கைக்குழந்தைக்குப் பாலூட்டச் செல்வதற்காக எட்டாம் பாடவேளை அவருக்கு வழங்கப்படுவதில்லை. இந்த ஏற்பாடுகள் அனைத்தும் அதிபரின் வாய்மொழியில் இருந்தன. எழுத்தில் எங்கும் இல்லை. நேரசூசியில் ஒருவருக்கு முதலாம் பாடவேளையைத் தவிர்ப்பது அவர் தாமதமாக வருவதற்கான அனுமதி ஆகிவிடாது என்பதால், தவிர்க்கப்படும் ஒவ்வொரு கட்டத்தையும் அதிபர் கையெழுத்துடன் ஒரு தாளில் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னாளில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருபவர்கள் கேட்டால், அந்தத் தாளே பதில்.

ஆசிரியரின் மொத்தப் பாடவேளையையும் அவர் இருக்கும் கட்டங்களையும் பக்கத்துப் பக்கமாக எழுதிப் பார்ப்பது அடுத்த படி. அந்தப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியர். தரம் 6 முதல் 9 வரை 5 வீதம் 20, தரம் 10, 11க்கு 6 வீதம் 12, ஆக 32. வாரத்தில் 40 கட்டங்களும் அவருக்கு இருந்ததால் எட்டு மிஞ்சியது. அவர் வெள்ளிக்கிழமைகளில் பயிற்சி ஒன்றுக்குச் செல்பவராக இருந்திருந்தால், 32 பாடவேளைகளுக்குச் சரியாக 32 கட்டங்கள் எஞ்சியிருக்கும். கணக்கு அதை அனுமதிக்கும். ஆனால் நான்கு நாட்கள் தொடர்ந்து எட்டுப் பாடவேளையும் நின்று கற்பிக்கும் ஒருவருக்கு ஆய்வுகூடத்தை ஒழுங்குபடுத்தவோ கொப்பி திருத்தவோ நேரம் இராது. அப்படி ஒரு நேரசூசியைச் செய்து கொடுப்பதைவிட, இந்தச் சுமையை ஓர் ஆசிரியரால் தாங்க இயலாது என்று எழுதித் திருப்பி அனுப்புவதே நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.

அறிகுறி: ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே பொருந்துகிறது, ஆனால் நேரசூசி முடிவடையவே இல்லை

என்னை அதிக நாட்கள் அலைக்கழித்த அறிகுறி இதுதான். வகுப்புகளின் மொத்தம் 40ஆக இருக்கும். எந்த ஆசிரியரின் சுமையும் அவர் இருக்கும் கட்டங்களைத் தாண்டாது. ஆயினும் கையால் செய்தால் கடைசி இரண்டு மூன்று பாடவேளைகள் எங்கும் அமராது. மென்பொருளால் செய்தால் அது மணிக்கணக்காக ஓடி, ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றுவிடும். பலர் இந்த நிலையில் மென்பொருளைக் குறை கூறுகிறார்கள், அல்லது வெவ்வேறு பாடங்களைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்க்கிறார்கள். பிழை அங்கே இல்லை. ஒரே நேரத்தில் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் கட்டங்கள் எத்தனை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தப் பாடசாலையின் அழகியல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். தரம் 6 முதல் 11 வரை ஆறு வகுப்புகளிலும் பிள்ளைகள் சங்கீதம், சித்திரம், நடனம் என்று பிரிகிறார்கள். வகுப்புக்கு 3 பாடவேளைகள் என்பதால் மொத்தம் 18 கட்டங்கள் வேண்டும். அந்த 18 கட்டங்களிலும் மூன்று ஆசிரியர்களும் பாடசாலையில் இருக்க வேண்டும்.

தனித்தனியே பார்த்தால் கவலைக்கு இடமே இல்லை. சங்கீத ஆசிரியைக்கு மூன்று நாட்களில் 24 கட்டங்கள், வேண்டியது 18. சித்திர ஆசிரியருக்கு முதலாம் பாடவேளை நீங்கலாக 35. நடன ஆசிரியைக்கு எட்டாம் பாடவேளை நீங்கலாக 35. ஆனால் மூவரும் ஒன்றாக இருக்கும் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாட்களில், இரண்டாவது முதல் ஏழாவது வரையான ஆறு பாடவேளைகள் மட்டுமே அவை. மூவாறு பதினெட்டு. வேண்டியதும் 18, இருப்பதும் 18; ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

மிச்சமில்லை என்பதன் விளைவுகள் அட்டவணை முழுவதும் பரவுகின்றன. அந்த மூன்று நாட்களில் இரண்டாவது முதல் ஏழாவது வரை எந்தப் பாடவேளையிலும் ஏதாவது ஒரு வகுப்புக்கு அழகியல் நடந்தே ஆக வேண்டும். நடன ஆசிரியை தரம் 6க்குத் தமிழும் கற்பித்தார். வாரத்துக்கு 5, நாளுக்கு ஒன்று என்று வைத்தால், திங்கள் முதல் புதன் வரை அவருக்கு மிஞ்சும் ஒரே கட்டம் முதலாம் பாடவேளை. ஆகவே அந்த மூன்று நாட்களிலும் தரம் 6இன் முதலாம் பாடவேளை தமிழாகவே இருக்க வேண்டும்; வேறு வழியே கிடையாது. நானோ கணிதத்தைக் காலையில் வைப்பது நல்லது என்று எண்ணி, தரம் 6இன் முதலாம் பாடவேளைகளைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு தமிழ் ஏன் அமரவில்லை என்று இரண்டு நாட்கள் தேடிக்கொண்டிருந்தேன். சிக்கல் தமிழில் தெரிந்தது. காரணம் சங்கீத ஆசிரியையின் நாட்களில் இருந்தது.

ஆகவே செய்ய வேண்டிய முறை இது. ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வெற்று அட்டவணையை எடுத்து, அதில் பங்குபெறும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இல்லாத கட்டங்களைப் பென்சிலால் கோடிட்டு அடியுங்கள். அடிபடாமல் எஞ்சும் கட்டங்களை எண்ணி, தேவையோடு ஒப்பிடுங்கள். எஞ்சுவது தேவையைவிடக் குறைவென்றால், எந்த முயற்சியாலும் அந்த நேரசூசி அமையாது. கோரிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். சமமென்றால், அந்தத் தொகுதியை எல்லாவற்றுக்கும் முன்பாக வைத்துவிட்டு, பிறகே மற்றப் பாடங்களைத் தொட வேண்டும். தாராளமாக மிஞ்சினால் மட்டுமே வழக்கமான வரிசையில் செய்யலாம்.

இந்த எண்ணிக்கையால் இன்னொரு பயனும் உண்டு. எந்த ஆசிரியரின் நேரம் உண்மையில் முக்கியம், எது முக்கியமில்லை என்பது இதனால்தான் தெரிகிறது. சங்கீத ஆசிரியையின் பேருந்து திங்கட்கிழமைகளில் தாமதமாவதால் முதலாம் பாடவேளையைத் தவிர்க்க முடியுமா என்று பின்னர் கேட்டார்கள். சித்திர ஆசிரியர் இல்லாததால் அந்தக் கட்டம் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. ஆகவே மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்த மாற்றமோ அப்படிப்பட்டதன்று. புதன்கிழமை இடைவேளைக்குப் பின் சங்கீத ஆசிரியை மற்றப் பாடசாலையில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என மூன்று கட்டங்கள் போயின; 18 வேண்டிய இடத்தில் 15 மட்டுமே எஞ்சின.

இந்த நிலையில் இரண்டு வழிகள் இருந்தன. தரம் 6ஐயும் 7ஐயும் அழகியலுக்கு ஒன்றாகச் சேர்த்தால், ஆறு குழுக்களுக்குப் பதில் ஐந்து குழுக்கள். ஐம்மூன்று பதினைந்து கட்டங்கள் போதும். எண் சரியாக அமர்ந்தாலும், இரண்டு தரங்களின் பாடத்திட்டங்களும் வேறு என்பதால் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை நடத்த வேண்டியிருக்கும். நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. மற்ற வழி, புதன் பிற்பகுதிக்கு ஈடாக வேறொரு அரைநாளைக் கேட்பது. வியாழக்கிழமை இடைவேளைக்கு முன் அவர் இங்கே இருந்தால், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என மூன்று கட்டங்கள் கிடைத்து மீண்டும் 18 ஆகிவிடும். வெறுமனே "ஒரு நாள் தாருங்கள்" என்று கேட்டிருந்தால் பேச்சு நீண்டிருக்கும். "வியாழன் 8.30 முதல் 10.30 வரை மட்டும் போதும்" என்று இரண்டு அதிபர்களிடமும் சொல்ல முடிந்ததால், அன்று மாலையே முடிவு கிடைத்தது.

கோரிக்கையைத் திருப்பி அனுப்பும்போது எழுத வேண்டியவை

மூன்று தகவல்களையும் ஒரே கடிதத்தில் கேட்கலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஐந்து நாட்களுக்குமான பாடவேளைகளும் இடைவேளையின் இடமும். அது தெரியாமல் வாரத்துக்கான எண்ணிக்கை சரியா தவறா என்று அதிபராலேயே பார்க்க முடியாது. அடுத்து, ஒவ்வொரு தரத்துக்கும் பாடவாரியான எண்ணிக்கை. எந்தெந்தப் பாடங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற குறிப்பும், எவற்றுக்கு இரட்டைப் பாடவேளை வேண்டும் என்ற குறிப்பும் இதனுடன் வர வேண்டும். இறுதியாக ஆசிரியர்கள் இல்லாத நேரம். எல்லோருக்கும் 40 கட்ட அட்டவணையைக் கொடுத்து நிரப்பச் சொன்னால், பலர் தமக்கு வசதியில்லாத கட்டங்களையும் அடித்துவிடுவார்கள். வர இயலாத கட்டங்களை மட்டும், காரணத்துடன், பிரதி அதிபர் வழியாகப் பெறுவது நல்லது.

நான் இப்போது அனுப்பும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: "மதிப்புக்குரிய அதிபர் அவர்கட்கு. தங்கள் கோரிக்கையும் ஆசிரியர் பட்டியலும் கிடைத்தன. நேரசூசியைத் தொடங்குவதற்குப் பின்வரும் மூன்று விபரங்களும் தேவை: திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளினதும் பாடவேளை எண்ணிக்கையும் இடைவேளையும்; தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொரு பாடத்தினதும் வாராந்தப் பாடவேளைகள், தரம் ஒன்றுக்கு மொத்தம் முதலாவது விபரத்துடன் பொருந்தும்படி; பாடசாலையில் இருக்க இயலாத நேரம் உள்ள ஆசிரியர்களின் பெயரும் அந்நேரமும், தங்கள் கையொப்பத்துடன். இவை கிடைத்த நாளிலிருந்து நான்கு நாட்களில் முதல் வரைவை அனுப்புவேன்."

விபரம் வரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஆசிரியர் பட்டியலிலிருந்தே யார் யார் ஒரே தொகுதியில் சேர்ந்து கற்பிக்கிறார்கள் என்பதைக் குறித்து, அந்தத் தொகுதிகளுக்குரிய வெற்று அட்டவணைகளை வரைந்து வைக்கலாம். ஆனால் கட்டங்களில் பெயர் எழுதத் தொடங்காதீர்கள். எழுதிய பெயரை அழிக்க மனம் வராமல், பின்னால் வரும் உண்மையான எண்களை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்போம். அந்தப் பாடசாலைக்கு நான் செய்த முதல் நேரசூசி அவ்வாறுதான் கெட்டது.

திருத்திய நேரசூசியில் அழகியல் திங்களும் செவ்வாயும் ஆறு வகுப்புகளுக்கும் ஒவ்வொன்று, புதன் முற்பகல் தரம் 6, 7, 8க்கு, வியாழன் முற்பகல் தரம் 9, 10, 11க்கு என்று அமர்ந்தது. அதிபர் கையொப்பமிட்ட தாளை நேரசூசியின் பின்புறத்தில் ஒட்டி, சங்கீத ஆசிரியையின் நாட்களில் மாற்றம் வந்தால் முதலில் எண்ண வேண்டிய கட்டங்கள் இவை என்று அந்த 18ஐயும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.